கட்டிய பிரீமியம் வீணா?

சம்பா நடவு முடிந்து, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் பொதுச் சேவை மைய வாசல்களில் ஒரே பேச்சுதான் கேட்கும். "ஆறு வருஷமா கட்டுறேன், ஒரு வருஷம்கூட எனக்கு வரலை. அந்தக் காசுக்கு பொட்டாஷ் வாங்கிப் போட்டிருந்தா நாலு மூட்டை கூட விளைஞ்சிருக்கும்." பக்கத்தில் நிற்கும் அலுவலர், இலக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில், "இந்த வருஷம் மழை மிரட்டுதுண்ணே, கட்டாயம் வரும், கட்டிடுங்க" என்பார்.

இருவருமே ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். போட்ட பணம் திரும்பி வருமா, வராதா என்பது அந்தக் கணக்கு. சீட்டுக்கும் வைப்புத் தொகைக்கும் அது சரி. காப்பீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் விடை எப்போதும் தப்பாகத்தான் வரும்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அரசு மானியம் இல்லாத எந்தக் காப்பீடும், சராசரியாகப் பார்த்தால், கட்டுகிறவருக்கு நஷ்டம்தான். நிறுவனம் தன் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும், வயலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். ஆகவே வாங்குவதைவிடக் குறைவாகத்தான் அது திருப்பித் தரும். அப்படியிருந்தும் உலகம் முழுவதும் விவரம் தெரிந்தவர்கள் காப்பீடு எடுக்கிறார்கள். ஏன் என்ற கேள்விக்குச் சரியான விடை 1738-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

எழுதியவர் டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் வெளியிட்ட அவருடைய கட்டுரையில் ஒரு வணிகரின் கதை வருகிறது. அவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். பத்திரமாக பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் அது 10,000 ரூபிளுக்கு விலைபோகும். ஆனால் ஆண்டின் அந்தப் பருவத்தில் 100 கப்பல் கிளம்பினால் 5 கடலில் போய்விடும். சரக்குக்குக் காப்பீடு செய்ய 800 ரூபிள் கேட்கிறார்கள். 100-க்கு 5 என்றால் சராசரி இழப்பு 500 ரூபிள்தான். 300 ரூபிள் அதிகம் கொடுத்துக் காப்பீடு எடுப்பது புத்திசாலித்தனமா?

பெர்னூலி சொன்ன பதில்: அது அந்த வணிகரிடம் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரக்கைத் தவிர அவரிடம் 5,043 ரூபிளுக்குக் குறைவான சொத்துதான் இருக்கிறது என்றால் அவர் காப்பீடு எடுக்க வேண்டும். அதைவிட அதிகம் இருந்தால் எடுக்காமல் துணிந்துவிடலாம். கப்பல் ஒன்று, கடல் ஒன்று, காப்பீட்டு விலையும் ஒன்று. ஆனாலும் இரண்டு பேருக்கு இரண்டு சரியான முடிவுகள். ஏனென்றால் பணத்துக்கு நாம் தரும் மதிப்பு எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டும் அல்ல. ஏற்கெனவே கையில் இருப்பது கூடக்கூட, மேலும் வருகிற ஒரு ரூபாயின் அருமை குறைந்துகொண்டே போகும். வெறும் வயிற்றில் முதல் இட்லிக்கு உள்ள ருசி ஐந்தாவது இட்லிக்கு இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதைக் கணக்காக்கிக் காட்டியதுதான் பெர்னூலியின் வேலை.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டால் நல்லது.

இரண்டேகால் ஏக்கர் சம்பா போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நெல், பால், கூலி எல்லாம் சேர்த்து நல்ல வருடத்தில் கையில் நிற்பது ஒரு லட்சம் ரூபாய். நெல் கைவிட்ட வருடத்தில் நிற்பது 20,000 மட்டும். இப்படிக் கைவிடுவது பத்து வருடத்தில் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் ஒரு லட்சம், இரண்டு வருடம் இருபதாயிரம் என்றால் வருடச் சராசரி 84,000 ரூபாய்.

இப்போது அந்த ஒரு லட்சத்தை இருபது இருபதாயிரமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வீட்டில் எதற்குப் போகிறது என்று பாருங்கள். முதல் இருபதாயிரம் அரிசி, எண்ணெய், மருந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். அது இல்லாவிட்டால் குடும்பம் நடக்காது. இரண்டாவது இருபதாயிரம் உரக்கடை பாக்கிக்கும் நகைக்கடன் வட்டிக்கும். அது இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கு உரம் கிடைக்காது, நகை ஏலத்துக்குப் போகும். மூன்றாவது நகையை மீட்க. நான்காவது மாட்டுக்கொட்டகைக்கு. ஐந்தாவது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒரு ஜோடி ஆட்டுக்குட்டிக்கும்.

இவற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அந்த வீட்டுப் பெண்கள் தயங்காமல் போடுவார்கள். மொத்தம் 100 மதிப்பெண் என்றால், முதல் இருபதாயிரத்துக்கு 50, இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு 12, நான்காவதற்கு 8, ஐந்தாவதற்கு 5. இவை நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வீட்டுக்கு வேறாக இருக்கும். ஆனால் எந்த வீட்டிலும் பின்னால் வருவது முன்னால் உள்ளதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

இந்த மதிப்பெண்ணைத்தான் பொருளியலில் பயன்பாடு என்கிறார்கள். பள்ளியில் பொருளியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று இதைச் சொல்வார்கள்.

இனி கணக்கு. காப்பீடு இல்லாமல் பத்து வருடம் ஓட்டினால் எட்டு நல்ல வருடத்துக்கு 100 வீதம் 800, இரண்டு கெட்ட வருடத்துக்கு 50 வீதம் 100. ஆக மொத்தம் 900 மதிப்பெண்.

இப்போது ஒரு நிறுவனம் வந்து, "வருடம் 20,000 கட்டுங்கள், நெல் கைவிட்டால் 80,000 முழுதாகத் தருகிறேன்" என்கிறது. பத்து வருடத்தில் நீங்கள் கட்டுவது 2,00,000. திரும்பி வருவது இரண்டு தடவை 80,000, அதாவது 1,60,000. ரூபாய்க் கணக்கில் 40,000 நஷ்டம். சேவை மைய வாசலில் நிற்பவர் இதைத்தான் வீண் என்கிறார். ஆனால் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நல்ல வருடத்தில் பிரீமியம் போக 80,000. கெட்ட வருடத்தில் 20,000-மும் இழப்பீடு 80,000-மும் சேர்ந்து, பிரீமியம் போக அதே 80,000. எந்த வருடமானாலும் 80,000 என்றால் மதிப்பெண் 95. பத்து வருடத்துக்கு 950. காப்பீடு இல்லாதபோது இருந்தது 900.

ரூபாயில் நாற்பதாயிரம் குறைந்து, வாழ்க்கையில் ஐம்பது மதிப்பெண் கூடியிருக்கிறது. ஏமாற்று எதுவும் இல்லை. எட்டு நல்ல வருடங்களில் ஆட்டுக்குட்டியும் திருவிழாச் செலவும் கைவிட்டுப் போகின்றன. அதற்கு மாற்றாக இரண்டு கெட்ட வருடங்களில் உரக்கடை பாக்கியும் நகையும் காப்பாற்றப்படுகின்றன. அருமை குறைந்த இடத்திலிருந்து ரூபாயை எடுத்து அருமை கூடிய இடத்தில் வைப்பதுதான் காப்பீட்டின் மொத்த வேலை.

இதைப் படமாக வரைந்தால் இன்னும் எளிது. தாளில் கிடைக்கோட்டில் பணத்தையும் மேல்நோக்கி மதிப்பெண்ணையும் குறித்து, 20,000-க்கு 50, 40,000-க்கு 75, 60,000-க்கு 87, 80,000-க்கு 95, ஒரு லட்சத்துக்கு 100 என்று புள்ளி வைத்துச் சேருங்கள். முதலில் செங்குத்தாக ஏறி, போகப்போகத் தணிந்து படுக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். மேல்பக்கமாக வளைந்த வில் போல இருக்கும். கணிதத்தில் இதைக் குழிவு வளைகோடு என்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் அது குழி. நாம் வில் என்றே வைத்துக்கொள்வோம். இனி 20,000 புள்ளிக்கும் ஒரு லட்சம் புள்ளிக்கும் இடையே ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுங்கள். அதுதான் நாண்.

காப்பீடு இல்லாதவரின் வாழ்க்கை நாணின் மேல் இருக்கிறது. ஒரு வருடம் அந்த முனை, ஒரு வருடம் இந்த முனை. அவருடைய சராசரி வருமானமான 84,000-க்கு நேரே பார்த்தால் நாண் 90-இல் நிற்கும். பத்து வருடத்துக்கு 900 என்று மேலே பார்த்ததும் இதுதான். அதே 84,000 வருடம் தவறாமல் வந்தால் அவர் வில்லின் மேல் இருப்பார். வில் அந்த இடத்தில் 96. வில்லுக்கும் நாணுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் நிச்சயமின்மைக்கு நாம் தரும் விலை. நிறுவனத்தின் செலவும் லாபமும் அந்த இடைவெளிக்குள் அடங்கினால் இரு பக்கத்துக்கும் நன்மை. அடங்காவிட்டால் காப்பீடு வேண்டாம்.

எவ்வளவு வரை அடங்கும்? நாண் நிற்கும் 90 மதிப்பெண்ணுக்கு வில்லில் நேரே உள்ள பணம் எது என்று பாருங்கள். 67,500 வரும். அதாவது இந்தக் குடும்பத்துக்கு, ஒரு லட்சமா இருபதாயிரமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்வதும், வருடம் 67,500 உறுதியாக வருவதும் ஒன்றுதான். ஆகவே முழு இழப்பையும் தவறாமல் ஈடுகட்டும் காப்பீட்டுக்கு அவர்கள் வருடம் 32,500 வரைகூடக் கொடுக்கலாம். நியாயமான சராசரி விலை 16,000. இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும் என்கிறது கணக்கு. இப்படி நிச்சயத்துக்காகச் சராசரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணத்துக்குப் பெயர் இடர் தவிர்ப்பு. அது கோழைத்தனம் அல்ல. வில்லின் வளைவு வீட்டின் தேவையிலிருந்து வருகிறது.

அதே இழப்பு நிறுவனத்துக்கு ஏன் வலிப்பதில்லை? அதன் கையில் உள்ள பணத்தின் அளவுக்கு 80,000 ரூபாய் சிறு தூரம். எந்த வில்லிலும் சிறு துண்டை மட்டும் பார்த்தால் அது நேர்கோடாகத்தான் தெரியும். நேர்கோட்டில் வில்லும் நாணும் ஒன்று. அதனால் நிறுவனம் சராசரியை மட்டும் பார்த்தால் போதும். பெர்னூலி இதையும் விடவில்லை. அந்தக் கப்பல் சரக்குக்கு 800 ரூபிள் வாங்கிக்கொண்டு காப்பீடு கொடுப்பவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் சொத்து இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததுபோல் ஒரே இரவில் பல மாவட்டம் விழுந்தால் நிறுவனத்துக்கும் வளைவு தெரியத் தொடங்கும். அதற்காகத்தான் அவர்களும் தங்களுக்கு மேலே மறுகாப்பீடு எடுக்கிறார்கள்.

இந்தச் சிறு துண்டு விஷயத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 4,000 ரூபாய்க்குத் தெளிப்பான் வாங்கும்போது, "இன்னும் 400 கட்டினால் உடைந்தால் மாற்றித் தருகிறோம்" என்பார்கள். 4,000 ரூபாய் உங்கள் குடும்ப வில்லில் சிறு தூரம் என்றால் அங்கே இடைவெளியே இல்லை. கொடுக்கிற 400-இல் நிறுவனத்தின் செலவுதான் மிச்சம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய இழப்புக்குக் காப்பீடு எடுக்காமல் செல்போன் கண்ணாடிக்குக் காப்பீடு எடுக்கிற வீடுகள் நம்மிடையே நிறைய.

காப்பீடு எடுக்காதவர் பிரீமியமே கட்டுவதில்லை என்றும் நினைக்க வேண்டாம். மழை தப்பிவிட்டால் என்ன செய்வது என்று மானாவாரியில் உரத்தைப் பாதியாகக் குறைக்கிறார். விளைச்சல் குறைந்தாலும் வறட்சி தாங்கும் ரகத்தையே போடுகிறார். கந்து வட்டிக்காரரின் உறவை முறித்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறார். நல்ல வருடத்தில் இவற்றால் போகிற வருமானம் எல்லாம் ரசீது இல்லாமல் கட்டும் பிரீமியம்தான். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு வடபகுதியில் மழைக் காப்பீடு கிடைத்த விவசாயிகள், கையில் கூடுதல் பணம் வராமலேயே, சாகுபடிக்குக் கூடுதலாகச் செலவிட்டதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இனி பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருவோம். 2016-இல் தொடங்கிய இத்திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீப் பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம், ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். நிறுவனம் கேட்கும் விலையில் மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 80,000 ரூபாய்க் காப்புக்கு 1.5 சதவீதம் என்றால் 1,200 ரூபாய். மேலே பார்த்த குடும்பம் 32,500 வரை கொடுக்கலாம் என்ற இடத்தில் 1,200! இதற்கு வில்லும் வேண்டாம், நாணும் வேண்டாம். அப்படியானால் 2020 காரீப் முதல் கடன் பெற்றவருக்கும் கட்டாயமில்லை என்றானதும் பலர் ஏன் தயங்குகிறார்கள்?

இங்கேதான் சேவை மைய வாசலில் நிற்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இதுவரை நாம் போட்ட கணக்கு, உங்கள் வயல் போனால் உங்களுக்குப் பணம் வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. இந்தத் திட்டம் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. அது பார்ப்பது அறிவிக்கப்பட்ட கிராமத்தின் மகசூலை. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அந்தப் பயிருக்கு அறிவித்த அளவை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். சராசரி ஏக்கருக்கு 2,000 கிலோ, அளவு 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 1,600 கிலோ. நெல் போன்ற முக்கியப் பயிருக்குக் கிராமத்துக்குக் குறைந்தது நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். அதில் சராசரி 1,200 கிலோ வந்தால் குறைவு 400 கிலோ, அதாவது 1,600-இல் கால் பங்கு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்றால் கிராமத்தில் பதிந்த எல்லோருக்கும் ஏக்கருக்கு 9,000. முழுசாக விளைந்தவருக்கும் அதே 9,000, ஒரு மணியும் காணாதவருக்கும் அதே 9,000. பரிசோதனையில் 1,650 கிலோ வந்துவிட்டால், கடைமடையில் பயிர் அழுகியவருக்கும் ஒன்றும் இல்லை.

இதை வில்லில் வைத்துப் பார்ப்போம். நம் குடும்பத்தின் இரண்டு கெட்ட வருடங்களில் ஒன்று ஊரே விழுந்த வருடம், பணம் வருகிறது. இன்னொன்றில் அவர்கள் வயல் மட்டும் போகிறது, பணம் வரவில்லை. கணக்கு எளிதாக இருக்க, வரும்போது 80,000 முழுதாக வருவதாகவே வைத்துக்கொள்வோம். மானியம் இல்லாமல் நிறுவனம் 12,000 பிரீமியம் கேட்கிறது என்க. ஒன்பது வருடங்களில் கையில் 88,000 நிற்கும். மதிப்பெண் 97 வீதம் 873. பத்தாவது வருடத்தில் பயிரும் போய், பிரீமியமும் போய், கையில் 8,000. வில்லின் செங்குத்தான அடிப்பாகம் அது. மதிப்பெண் 20-தான். மொத்தம் 893. காப்பீடே இல்லாதபோது 900 இருந்தது.

எந்த வருடத்தைக் கண்டு பயந்து காப்பீடு எடுத்தாரோ, அந்த வருடத்தையே காப்பீடு இன்னும் மோசமாக்கிவிட்டது. எவருடைய வில் அடியில் மிகச் செங்குத்தோ, அதாவது எவரிடம் கைமுதல் குறைவோ, அவருக்குத்தான் இந்த அடி பலமாக விழும். டேனியல் கிளார்க் என்ற பொருளியலாளர் 2016-இல் வெளியான கட்டுரையில் இதை முறையாக நிறுவியிருக்கிறார்: வயலைப் பார்க்காமல் வட்டாரக் குறியீட்டைப் பார்த்துப் பணம் தரும் காப்பீட்டில், மிகவும் பயப்படுகிறவர்கள் குறைவாக வாங்குவதே பகுத்தறிவான முடிவு. விழிப்புணர்வு இல்லை என்று நம் அதிகாரிகள் எழுதும் அறிக்கைகளை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தாமதமும் இதே கணக்கில்தான் சேரும். தை மாதம் போன பயிருக்கு அடுத்த தீபாவளிக்குப் பணம் வந்தால், அது கெட்ட வருடத்துக்கு வராமல் நல்ல வருடத்தில் வந்த பணம். ஐம்பது மதிப்பெண் இடத்தில் விழ வேண்டியது ஐந்து மதிப்பெண் இடத்தில் விழுகிறது. ரூபாய்க் கணக்கில் இழப்பீடு முழுதாக வழங்கப்பட்டது என்று பத்திரிகைச் செய்தி வரும். வீட்டுக் கணக்கில் நகை ஏலம் போயிருக்கும். தாமதித்தால் நிறுவனம் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. விவசாயி கடன் வாங்கும் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, இந்த சம்பாவுக்குக் கட்டலாமா? மேலே போட்ட அதே கணக்கை 12,000-க்குப் பதில் 1,200 வைத்துப் போடுங்கள். ஒன்பது வருடம் 98,800, ஒரு வருடம் 18,800. மொத்தம் ஏறக்குறைய 944 மதிப்பெண். காப்பீடு இல்லாத 900-ஐவிட நன்றாகவே கூடுதல். இரண்டில் ஒரு கெட்ட வருடத்தில் ஏமாந்தாலும் கட்டுவதே மேல். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த விடையைத் தருவது மானியம், திட்டத்தின் திறமை அல்ல. மானியம் சுருங்கினால் முதலில் வெளியேறப் போவது கைமுதல் இல்லாதவர்கள். நம் கோரிக்கை இழப்பீட்டுத் தொகையைக் கூட்டுவதில் மட்டும் நின்றுவிடக் கூடாது. பரிசோதனை வயல்களின் எண்ணிக்கையைக் கூட்டவும், கடைமடையையும் தலைமடையையும் ஒரே கணக்கில் சேர்க்காமல் பிரிக்கவும், அறுவடைக்கும் பணத்துக்கும் இடையே உள்ள மாதங்களைக் குறைக்கவும் கேட்க வேண்டும். வில்லின் அடிப்பாகத்தைத் தாங்குவது இவைதான்.

பெர்னூலியின் வணிகர் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். வீட்டில் ஒருவர் அரசுச் சம்பளம் வாங்குகிறார், ஆழ்துளைக் கிணறும் இருக்கிறது என்றால் நெல் போன வருடத்திலும் நீங்கள் வில்லின் மேல்பாதியில்தான் நிற்கிறீர்கள். முழு விலைக் காப்பீடு உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். குத்தகைக்குப் போட்டு, உரத்தைக் கடனில் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இந்த வருஷம் வரும்" என்று சொல்லி விற்காதீர்கள். வராத வருடத்தில் அந்தச் சொல்லே அடுத்த ஆண்டு ஆளைத் துரத்தும். மாறாக, அந்தக் கிராமத்தின் உத்தரவாத மகசூல் எத்தனை கிலோ, கடந்த ஆண்டுகளில் பரிசோதனையில் வந்தது எத்தனை கிலோ என்று எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவு சங்கத்திலும் ஒட்டுங்கள். தன் வயலும் ஊரும் ஒரே ஆண்டில் விழுகிறதா, வேறு வேறு ஆண்டில் விழுகிறதா என்று விவசாயியே பார்த்துக்கொள்வார். அவருக்குப் பத்து வருட விளைச்சல் மனப்பாடம்.

கட்டுபவர்கள் ரசீதை வாங்கி அங்கேயே நின்று பாருங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், பயிர், பரப்பு நான்கும் அடங்கலில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஊர் விழுந்து எல்லோருக்கும் பணம் வரும் ஆண்டில், பக்கத்துக் கிராமத்தின் பெயரில் பதிந்திருந்தால் உங்களுக்கு மட்டும் வராது. ஆலங்கட்டி மழை போல உங்கள் வயலை மட்டும் தாக்கும் இடருக்கும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டாலும், தனி வயலைப் பார்த்து இழப்பீடு தர வழி உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்கோ வங்கிக்கோ வேளாண் துறைக்கோ தகவல் தர வேண்டும். திட்டத்தில் ஊரைப் பார்க்காமல் உங்கள் வயலைப் பார்க்கும் இடங்கள் மிகச் சில. அதனால் அந்த 72 மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். அறுவடைப் பரிசோதனை எந்தத் தேதியில், எந்த வயலில் என்று உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அறுத்து எடை போடும்போது நாலு பேர் போய் நில்லுங்கள்.